2020இல் 'ஹேஸ் ரிஸன்' என்று எழுதினால் என்ன தப்பு?

செந்தூல் தாதி | மார்ச் 4, இரவு 11.40

ஐஈஎல்டிஎஸ் எழுத்துத் தாளில் எனக்கு 6.5 வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் 6. மற்ற மூன்றிலும் 7 வந்துவிட்டது, இது ஒன்றுதான் இழுக்கிறது. முதல் கேள்வியில் ஒரு வரைபடம் கொடுத்து, 20 நிமிஷத்தில் 150 சொல்லுக்குக் குறையாமல் எழுதச் சொல்வார்கள். அங்கேதான் அடி.

போன வாரம் எழுதிய மாதிரித் தாளில் மலேசிய மக்கள்தொகை வந்தது. 2000இல் 23.3 மில்லியன், 2010இல் 28.3, 2020இல் 32.4. அதற்கப்புறம் கோடு புள்ளி புள்ளியாகி 2040 வரை போய் 41.5இல் நிற்கிறது. நான் 2020 என்ற வருஷத்தைப் போட்டு 'ஹேஸ் ரிஸன்' என்று எழுதினேன். டியூஷன் ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டு மேலே 'ரோஸ்' என்று எழுதியிருக்கிறார். விளக்கம் எதுவும் இல்லை. 2040க்கு 'வில் ரீச்' போட்டிருந்தேன், அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும்.

தமிழில் "2020இல் 32.4 மில்லியனாக உயர்ந்துள்ளது" என்று பத்திரிகையில் தினமும் படிக்கிறோம். அதைத்தானே ஆங்கிலத்தில் எழுதினேன்? இதில் என்ன தப்பு?

(ஆங்கிலச் சொல்லையும் தமிழிலேயே தட்டுகிறேன். போனில் எழுத்தை மாற்றினால் திரும்பி வருவதற்குள் அடுத்த ஷிப்டு வந்துவிடும்.)

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் | மார்ச் 5, காலை 8.15

ரொம்ப யோசிக்காதீங்க சிஸ்டர். வரைபடம் என்றாலே இறந்தகாலம். ரோஸ், ஃபெல், இந்த ரெண்டையும் வைத்தே முழுத் தாளையும் முடித்துவிடலாம். என் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

கவுண்டர் மாமா | மார்ச் 5, காலை 9.02

தலைப்பைப் பார்த்து வந்தேன். எந்தக் கவுண்டர் ரீச் ஆகும் என்று சொன்னால் நாலு லாட் வாங்கிப் போடலாம்.

செந்தூல் தாதி | மார்ச் 5, மதியம் 2.50

மாமா, இது பங்குச் சந்தை இல்லை.

டியூஷன் சார், 2040க்கும் இறந்தகாலமா? இன்னும் பிறக்காத பிள்ளைகளையும் சேர்த்து 'ரோஸ்' என்று எப்படி எழுதுவது?

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் | மார்ச் 5, மதியம் 3.10

அது சரி. புள்ளிக் கோட்டுக்கு மட்டும் 'வில்'. அதைச் சொல்ல விட்டுப்போச்சு.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 5, இரவு 8.30

தம்பி டியூஷன் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி மாணவரைக் கவிழ்த்துவிடும், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் தாதி அம்மாவின் கேள்வி.

தமிழ் "உள்ளது" ரொம்பத் தாராளம். தேதியைப் பக்கத்தில் உட்கார வைத்தாலும் முகம் சுளிக்காது. "நேற்று விலை உயர்ந்துள்ளது", "2010இல் குறைந்துள்ளது", எல்லாமே செல்லும். மலாயில் 'தெலா' என்ற சொல்லும் இதே குணம்தான். "2010ஆம் ஆண்டில் தெலா மெனிங்கட்" என்று பள்ளியில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. நம் பிள்ளைகள் இந்த இரண்டு மொழியிலிருந்தும் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். ஒரே தப்பை இரண்டு பக்கமும் தள்ளிவிடுகின்றன. முப்பது வருஷம் திருத்தினேன், அதிகம் வட்டம் போட்டது இதற்குத்தான்.

ஆங்கிலத்தின் 'ஹேஸ்' அப்படியில்லை. முடிந்துபோன நேரத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் ஒதுங்கிக்கொள்ளும். இன் 2020, லாஸ்ட் இயர், நேற்று, பத்து மணிக்கு, இதில் எது வந்தாலும் 'ரோஸ்'தான். 'சின்ஸ் 2000' வந்தால் 'ஹேஸ் ரிஸன்'. ஏனென்றால் சின்ஸ் போட்ட நேரம் இன்னும் மூடவில்லை, இந்த நிமிஷம் வரை ஓடுகிறது.

செந்தூல் தாதி | மார்ச் 6, காலை 7.55

விதி புரிகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை. 2020இல் உயர்ந்த மக்கள்தொகை இன்றைக்கும் அப்படியே இருக்கிறதே, இறங்கிப் போகவில்லையே? அதன் பலன் இப்போதும் இருந்தால் 'ஹேஸ்' என்றுதான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

நைட் முடித்து வந்து எழுதுகிறேன், கோபமாகத் தெரிந்தால் மன்னிக்கவும்.

செந்தூல் தாதி | மார்ச் 7, காலை 8.20

நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். இன்று காலை பாஸ் ஓவரில் மாட்டியது.

பன்னிரண்டாம் கட்டில், ஒரு பெரியவர். இரவு 10 மணிக்குக் காய்ச்சல் 39.2. மருந்து கொடுத்தோம். 2 மணிக்கு 38.1. நான் சார்ட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன், நன்றாக இறங்கியது. 6 மணிக்கு மறுபடி பார்த்தால் 39.0. ஏறிவிட்டது.

ஏழு மணிக்குக் காலை ஷிப்டிடம் ஒப்படைக்கும்போது வாயில் தானாக வந்தது, "2 மணிக்கு 38.1க்கு ஃபெல்". அது உண்மை. ஆறு மணிக்கு என்ன நடந்தாலும் அது உண்மைதான், சார்ட்டில் புள்ளி இருக்கிறது. அதையே "டெம்பரேச்சர் ஹேஸ் ஃபாலன்" என்று சொல்லியிருந்தால்? பொய். கேட்கிற சிஸ்டர் இப்போது இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். டாக்டருக்குப் போன் பண்ண மாட்டார்.

மணி சொன்னால் ஃபெல். மணி சொல்லாமல், இப்போது தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொன்னால் ஹேஸ் ஃபாலன். பதினேழு வருஷமாக வார்டில் சரியாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பேனாவை எடுத்தவுடன் "உள்ளது" வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 7, காலை 9.40

பன்னிரண்டாம் கட்டில் போதும் அம்மா, நான் கரும்பலகையில் இப்படி ஒருநாளும் விளக்கியதில்லை.

அந்தக் கட்டிலை உங்கள் மக்கள்தொகைப் படத்துக்கும் போடுங்கள். படத்தில் கடைசியாக அளந்த புள்ளி 2020. இன்று எத்தனை பேர் என்று அந்தப் படம் சொல்லவில்லை. 'ஹேஸ் ரிஸன்' என்று எழுதினால் படத்தில் இல்லாத இன்றைய நிலையைச் சொல்கிறீர்கள். ஆசிரியை போட்ட வட்டம் அதற்குத்தான்.

செந்தூல் தாதி | மார்ச் 7, இரவு 10.05

அப்படியானால் என் பத்தி இப்படி வரும்: 2000இலிருந்து 2020 வரை 23.3இலிருந்து 32.4க்கு 'ரோஸ்'. நடுவில் 2010ஐத் தொடும்போது 'பை 2010' என்று ஆரம்பித்தால் 'ஹேட் ரீச்ட்' 28.3. சரியா? அந்த 'ஹேட்' தேவையா என்று சந்தேகம்.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 8, காலை 7.30

சரிதான், ஆனால் ஒரு இடத்தில் போதும். 2020இல் நின்றுகொண்டு 2010ஐத் திரும்பிப் பார்க்கும் வாக்கியத்தில்தான் 'ஹேட்' வேண்டும். வருஷ வரிசையில் நடந்துகொண்டே போனால் எல்லாம் 'ரோஸ்', 'ரீச்ட்' போதும். ஹேட் ஹேட் என்று அடுக்கினால் படிக்கிறவருக்கு விக்கல் வந்த மாதிரி இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் பத்து வருஷத்தில் 5 மில்லியன் கூடியது, அடுத்த பத்தில் 4.1. வேகம் குறைந்தது, ஆள் குறையவில்லை. இங்கே 'ஃபெல்' போட்டு மாட்டிக்கொள்வது வழக்கம். கோடு ஏறிக்கொண்டே இருக்கும்போது 'ஃபெல்' வராது. 'ரோஸ் மோர் ஸ்லோலி'.

அறிக்கை அண்ணன் | மார்ச் 8, மதியம் 12.25

நான் கோலாலம்பூரில் அறிக்கை எழுதிப் பிழைப்பவன். வாத்தியார் ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு.

இனவாரிப் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். குடிமக்களில் இந்தியர் 2010 கணக்கெடுப்பில் 7.3 விழுக்காடு, 2020இல் 6.7. இதை எழுதும்போது "ஹேஸ் ஃபாலன் ஃப்ரம் 7.3 இன் 2010 டு 6.7 இன் 2020" என்றுதான் நாங்கள் எழுதுவோம். படித்துப் படித்துப் பார்த்துவிட்டேன், வெள்ளைக்காரர் எழுதும் அறிக்கைகளிலும் இந்த மாதிரி வருகிறது. அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை 2020தான் எங்களுக்கு "இப்போது". ஆக, தேதி வந்தாலே 'ஹேஸ்' ஓடிவிடும் என்பது அவ்வளவு கறாரான விதி இல்லை.

செந்தூல் தாதி | மார்ச் 8, மாலை 5.40

ஐயோ, இப்போதுதான் மனசு தெளிந்தது. மறுபடி கலக்கிவிட்டீர்களே அண்ணே.

சும்மா ஒன்று. இதே படத்தை என் தோழி (கிள்ளான், அவளும் தாதி) போன மாதம் எழுதினாள். 'ஷேர் ஆஃப்' போட மறந்து "இந்தியன்ஸ் ஃபெல்" என்று ஆரம்பித்திருந்தாள். விழுந்திருந்தால் எங்கள் வார்டுக்கு வந்திருப்பார்களே என்று கேட்டேன். கீழே இன்னொரு இடத்தில் 'ஃபெல்'லுக்குப் பதில் 'ஃபெல்ட்'. விழுந்தது போதாதென்று உணரவும் செய்துவிட்டார்கள்.

அறிக்கை அண்ணன் | மார்ச் 8, மாலை 6.15

அந்த 'ஷேர் ஆஃப்' சிரிப்பதற்கு மட்டும் இல்லை. பங்கு 7.3இலிருந்து 6.7க்கு இறங்கியது. ஆனால் தலைக்கணக்கு ஏறியிருக்கிறது, ஏறத்தாழ 1.9 மில்லியனிலிருந்து 2 மில்லியனுக்கு. மற்றவர்கள் வேகமாகக் கூடினார்கள், அவ்வளவுதான். 'ஷேர்' என்ற எழுவாயை விட்டுவிட்டால் ஃபெல் என்பதே பொய்யாகிவிடும், எந்தக் காலத்தில் போட்டாலும்.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 8, இரவு 9.10

அறிக்கை அண்ணன் எழுதுவதை நானும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அறிக்கைக்கு ஒரு "இப்போது" உண்டு, அது வெளியாகும் நாள். அட்டையிலேயே தேதி இருக்கும். பரீட்சைத் தாளுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. யாருக்காக, எப்போது எழுதுகிறீர்கள் என்று எதுவும் தெரியாது. அங்கே படத்திலுள்ள வருஷம் மட்டும்தான் கையில் இருக்கிறது. அதனால் பரீட்சையில் 'ஃபெல்'. அலுவலகத்தில் உங்கள் இஷ்டம்.

அறிக்கை அண்ணன் | மார்ச் 8, இரவு 9.32

பரீட்சைக்குச் சரி. ஆனால் அது தப்பு ஆங்கிலம் என்று தாதி சிஸ்டருக்குச் சொல்லிவிடாதீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 8, இரவு 9.50

தப்பு என்று சொல்லவில்லை. வட்டம் போடுவேன், மார்க்கு குறைக்க மாட்டேன்.

கவுண்டர் மாமா | மார்ச் 9, காலை 10.00

இவ்வளவு பேசுகிறீர்களே, ரிங்கிட்டுக்கு என்ன எழுதுவது? 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டினார்கள், 2005 ஜூலையில் அவிழ்த்தார்கள். நடுவில் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எழுத ஒன்றுமே இல்லாத படம்.

செந்தூல் தாதி | மார்ச் 9, மதியம் 1.15

மாமா, இது நல்ல கேள்வி, கிண்டல் இல்லை. கட்டினது அவிழ்ந்தது இரண்டுக்கும் மாதமே இருக்கிறது, ஆக 'ரிமெய்ண்ட்'. சின்ஸ் 1998 ஹேஸ் ரிமெய்ண்ட் என்று எழுதினால் இன்னும் 3.80தான் என்று ஆகிவிடும். அப்படி இருந்தால் நானும் பவுண்டு வாங்கி வைத்திருப்பேன்.

கவுண்டர் மாமா | மார்ச் 9, மதியம் 1.20

நானும்தான் அம்மா.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 10, காலை 8.00

தம்பி டியூஷனிடம் ஒரு கடன் பாக்கி. "வரைபடம் என்றாலே இறந்தகாலம்" என்றாரே, அது எங்கே கவிழும் என்று சொல்கிறேன்.

மழைப் படம் வரும். பினாங்கின் சராசரி மழை, ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டைகள், வருஷம் எதுவும் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் உச்சம். இது எந்த வருஷமும் முடிந்துபோன கதை இல்லை, ஒவ்வொரு வருஷமும் வழக்கமாக நடப்பது. அதனால் 'ரைசஸ்', 'பீக்ஸ்', நிகழ்காலம். 'ரோஸ்' போட்டால் எந்த வருஷத்து மழை என்று கேட்பார்கள்.

இங்கேயும் தமிழ் காலை வாரும். வழக்கத்தைச் சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்? "செப்டம்பரில் மழை கூடும்." கூடும், உயரும், குறையும். பிள்ளைகள் அதை அப்படியே 'வில் ரைஸ்' ஆக்கிவிடுகிறார்கள். நமக்கு "உம்" இரண்டு வேலை செய்கிறது, ஆங்கிலத்தில் 'வில்'லுக்கு அந்த வேலையைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அடுத்த வருஷத்து மழையை முன்கூட்டிச் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் | மார்ச் 10, காலை 11.45

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. போன வாரம் கோலாலம்பூர் மழைப் படம் கொடுத்தேன், ஏப்ரலிலும் நவம்பரிலும் இரண்டு உச்சம் உள்ள படம். இருபது பேரில் பாதிப் பேர் 'ரோஸ்' என்று எழுதினார்கள். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். அத்தனைக்கும் டிக் போட்டுவிட்டேன் என்பதுதான் கொடுமை. இன்று சாயங்காலம் போய்த் திருத்த வேண்டும்.

ஆனால் படத்தை அறிமுகப்படுத்தும் முதல் வரி எப்போதும் 'ஷோஸ்', நிகழ்காலம். அதில் நான் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 10, மதியம் 12.10

அதில் சரி. படம் இப்போது கண் முன்னே இருக்கிறது, அது 'ஷோஸ்'. படத்துக்குள் இருக்கிற விஷயம்தான் பழையது.

செந்தூல் தாதி | மார்ச் 11, இரவு 11.15

யாரும் என் கேள்விக்குறியைத் தொடவே இல்லை. 2040, 'வில் ரீச்'. அது ஏன்?

அறிக்கை அண்ணன் | மார்ச் 12, காலை 9.05

இது என் பேட்டை. 41.5 என்பது புள்ளிவிவரத் துறை 2010ஐ அடிப்படையாக வைத்துக் கணித்த எண். பிறப்பும் இறப்பும் இப்படி இருந்தால், வெளியிலிருந்து இத்தனை பேர் வந்தால், 2040இல் இத்தனை வரும் என்று ஒரு கணக்கு. அந்த "இருந்தால்" எல்லாம் மாறினால் எண்ணும் மாறும். 'வில் ரீச்' என்று எழுதினால் நீங்கள் சத்தியம் செய்கிறீர்கள். 'இஸ் ப்ரொஜெக்டட் டு ரீச்' என்றால் கணித்தவர் தலையில் போட்டுவிடலாம். இலக்கணப்படி இரண்டும் சரி. அதனால்தான் கேள்விக்குறி, வட்டம் இல்லை.

செந்தூல் தாதி | மார்ச் 12, மதியம் 2.40

டாக்டர் "நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகலாம்" என்று சொன்னதை நாங்கள் குடும்பத்திடம் "நாளைக்குப் போயிடுவார்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வோமே, அது மாதிரி. எனக்குப் புரிந்துவிட்டது.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 12, இரவு 8.45

கணிப்பில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பயிற்சிப் புத்தகம் பழையதாக இருக்கும். கணிப்பு என்று போட்ட வருஷம் நமக்கு எப்போதோ கடந்து போயிருக்கும். அப்போது என்ன எழுதுவது? வாவாசான் 2020 ஞாபகம் இருக்கிறதா? 1991இல் அறிவித்தார்கள், ஆண்டுக்கு 7 விழுக்காடு வீதம் முப்பது வருஷம் வளர்ந்து 2020இல் வளர்ந்த நாடு ஆவது என்று. அதை வைத்து ஒரு படம் போட்டால் இன்று 'வில் பிகம்' என்று எழுத முடியுமா? 'வாஸ் எக்ஸ்பெக்டட் டு'. எதிர்பார்த்தார்கள் என்று மட்டும் சொல்கிறது, நடந்ததா என்று அந்தச் சொல் வாயைத் திறக்காது.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் | மார்ச் 12, இரவு 9.20

இதில் நான் உடன்படவில்லை. பழைய புத்தகத்தில் 2015 கணிப்பு என்றால் பிள்ளை எதற்கு இன்றைய தேதியைப் பார்க்க வேண்டும்? நீங்களேதானே சொன்னீர்கள், பரீட்சைக்கு "இப்போது" கிடையாது, படம் மட்டும்தான் என்று? படத்தில் கணிப்பு என்று இருந்தால் 'இஸ் ப்ரொஜெக்டட்'தான்.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 12, இரவு 9.55

என் கத்தியையே என் மேல் திருப்பிவிட்டார். யோசிக்க வேண்டும்.

அறிக்கை அண்ணன் | மார்ச் 13, காலை 8.50

நான் 'வாஸ்' பக்கம். டியூஷன் சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

செந்தூல் தாதி | மார்ச் 15, இரவு 10.30

புதிதாக எழுதிய தாள் திரும்பி வந்தது. 'ரோஸ்' சரி, 'இஸ் ப்ரொஜெக்டட்' சரி. ஆனால் 'ரீச்' பக்கத்தில் புது வட்டம். 'ரீச் டு 41.5' என்று எழுதியிருந்தேன். அந்த 'டு'வுக்கு வட்டம். 'ரோஸ் டு' என்று எழுதிக்கொண்டே வந்ததில் அதே கையோடு இதற்கும் போட்டுவிட்டேன்.

பட்டர்வொர்த் வாத்தியார் | மார்ச் 16, காலை 7.10

இதில் தமிழ் துணைக்கு வரும் அம்மா. 'ரோஸ் டு' என்றால் 32.4க்கு உயர்ந்தது, "கு" இருக்கிறது. 'ரீச்' என்றால் 41.5ஐ எட்டும், "ஐ"தான். 41.5க்கு எட்டும் என்று நீங்கள் சொல்வீர்களா?

செந்தூல் தாதி | மார்ச் 16, காலை 7.40

சொல்ல மாட்டேன். பாஸ் ஓவர் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், பக்கத்து சீட்டு அக்கா எதை எட்டணும் என்று கேட்டுவிட்டார்.

பரீட்சை 29ஆம் தேதி. பன்னிரண்டாம் கட்டில் பெரியவர் நேற்று வீட்டுக்குப் போனார். 'வென்ட்', தேதி இருக்கிறது.